காலித் தொட்டியின் கால் எழும்பும்

2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் கச்சு நிலநடுக்கம் கட்டடங்களோடு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளையும் பதம்பார்த்தது. சோபாரி கிராமத்தில் 2.65 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி அடியோடு சரிந்தது. வேறு பல ஊர்களில் தொட்டி நின்றது, ஆனால் தாங்கிய கான்கிரீட் குழாயின் கீழ்ப்பகுதியில் வளையம் போட்டதுபோல் விரிசல் ஓடியிருந்தது. தொட்டிக்கு ஒன்றுமில்லை. அடி வாங்கியது கால்தான்.

அந்தக் காலை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதை ஒரு மாதிரித் தொட்டியை வைத்துப் பார்க்கலாம். கொள்ளளவு 2.5 லட்சம் லிட்டர், அதாவது 250 டன் தண்ணீர். உள்விட்டம் 8.6 மீட்டர், நீரின் உயரம் 4.3 மீட்டர். வெறும் தொட்டி 160 டன். 6.3 மீட்டர் விட்ட வட்டத்தில் 6 தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்கு உத்தரங்கள், எல்லாம் சேர்ந்து 110 டன். இடம் கச்சு.

காற்றுக் கணக்கு எளிது. அங்கே வடிவமைப்புக்கு எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அது ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 150 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். உருண்டை வடிவம் காற்றை வழுக்கிவிடுவதால் தொட்டியும் தூண்களும் வாங்கும் மொத்தத் தள்ளல் 12 டன்னை ஒட்டி வரும். உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது காற்றுக்குத் தெரியாது.

நிலநடுக்கத்துக்குத் தெரியும். அது எடையைப் பிடித்து ஆட்டுகிறது. ஆனால் 250 டன் தண்ணீரும் ஒரே கட்டியாக ஆடுவதில்லை என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963-இல் எளிய கணக்காக வகுத்துக் கொடுத்தார். அடிப்பகுதித் தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு தொட்டியோடே நகரும். மேற்பகுதித் தண்ணீர் வாளியில் தளும்புவதுபோல் தன் போக்கில் அலையும். நம் தொட்டியில் முதல் பங்கு 135 டன், தளும்பும் பங்கு 109 டன். தூண்களோடு சேர்ந்த ஆட்டம் ஒருமுறை போய்வர 0.85 வினாடி ஆகும். தளும்பல் போய்வர 3 வினாடிக்கு மேல் ஆகும். இந்த மெதுநடையால் தளும்பும் தண்ணீர் தரும் விசை 6 டன்னுக்கும் குறைவு. மற்றது 35 டன்னுக்கு மேல். இரண்டும் ஒரே நொடியில் உச்சம் தொடாது என்பதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அடியில் 36 டன். ஆனால் அலை கிட்டத்தட்ட 90 செ.மீ. எழும்பும். நீர்மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடம் விடாவிட்டால் கூரையை முட்டும்.

இனிதான் கவனிக்கவேண்டிய இடம். 36 டன் விசை சுமார் 18 மீட்டர் உயரத்தில் தொட்டியைச் சாய்க்கப் பார்க்கிறது. அதனால் ஒரு பக்க ஓரத் தூணில் 69 டன் ஏறும், எதிர்ப்பக்கத் தூணில் அதே அளவு குறையும். நிறைந்த தொட்டியில் ஒரு தூண் சாதாரணமாகத் தாங்குவது 87 டன். குறைந்த பிறகும் 18 டன் மிச்சம், தூண் தரையில் ஊன்றியே நிற்கும்.

தொட்டியைக் காலி செய்து பாருங்கள். விசை 27 டன்னாகக் குறைகிறது, தூணிலிருந்து கழிவதும் 51 டன்னாகிறது. ஆனால் தூணில் இருக்கும் எடையே 45 டன்தான். மீதி 6 டன் தூணை மேலே இழுக்கிறது! தண்ணீர் இல்லாத தொட்டி பாதுகாப்பானது என்று நினைத்து அந்தப் பக்கத்தைக் கணக்கிடாமல் விட்டால், அடித்தளத்தோடு தூணைப் பிணைக்கும் கம்பி போதாமல் போகும்.

இந்த 36 டன்னே சலுகை விலை. தூண்கள் வளைந்து கொடுத்து உடையாமல் நிற்கும் என்று நம்பித்தான் முழு விசையை விதிகள் 4-ஆல் வகுக்கின்றன. ஒற்றைக் குழாய்க் காலுக்கு அந்தச் சலுகை ஏறத்தாழ பாதிதான். கச்சில் பார்த்த குழாய்களின் சுவர் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. தடிமன்தான். ஒரு வளையத்தில் விரிசல் விட்டால் பாரத்தை வாங்கிக்கொள்ள அடுத்த தூண் கிடையாது.

தூண் வைத்த தொட்டிக்கும் அந்த 4 இலவசமாக வருவதில்லை. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் வளையக் கம்பிகள் 10 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் நெருங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் முனையும் 135 பாகைக்கு மடிந்து தூணின் உள்ளே கொக்கியாக மாட்டியிருக்க வேண்டும். 90 பாகையோடு நிறுத்தினால் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும், உள்ளிருக்கும் நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும். கான்கிரீட் ஊற்றியபின் இதைப் பார்க்க வழியில்லை. ஆகவே பொறுப்பான பொறியாளர் பலகை அடிக்கும் முன் ஏணியில் ஏறி, ஒவ்வொரு சந்திப்பிலும் கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கான்கிரீட்டுக்கு அனுமதி கொடுப்பார்.