கிரில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

மார்கழி நெருங்கினால் மயிலாப்பூர் மாடவீதிகளில் கோல அச்சுகள் குவிந்துவிடும். அங்கே நான் வழக்கமாக மாவு வாங்கும் அம்மா, அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இந்த முறை முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்: “அச்சு வாங்க வர்றதுக்கு முன்னாடி, கிரில் கதவைத் திறந்து பாத்துட்டு வாங்கம்மா.”

ஆசைப்பட்டுப் பெரிய அச்சு வாங்கிப் போகிறவர்கள் மறுநாளே மாற்றித் தரச் சொல்லி வருவதைப் பார்த்துச் சொன்ன சொல் அது. எங்கள் வீட்டு மரக்கதவு உள்ளே திறக்கும், கிரில் வெளியே திறக்கும். அது தரையை உரசாவிட்டாலும், திறப்பவர் கால் கோலத்தின் மேல்தான் விழும். கிரில் சுற்றிவரும் இடத்தை சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டேன். எதிர்வீட்டு வாசலுக்கும் வழி விட்டபின், கைப்பிடிப் பக்கச் சுவரோரம் மிஞ்சியது ஒன்றேகால் அடிச் சதுரம்.

அளவைச் சொன்னதும், “ஏழு புள்ளி, நாலுல நிறுத்துங்க. இடைப்புள்ளி” என்றார். நடுவரிசையில் ஏழு, இருபக்கமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் 37 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் விட்டால் அகலம் 12 அங்குலம். வெளிச்சுழிக்கு இருபுறமும் ஓர் அங்குலம் சேர்த்தால் 14. என் சதுரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அடுத்தது தரை. மண்வாசலில் தண்ணீர் தெளித்தால் மாவு பிடித்துக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் அந்தப் பிடிப்பு இல்லை. ஈரம் இருந்தால் அச்சின் அடியில் மாவு கூழாகி ஓட்டைகள் அடைபடும். தூக்கும்போது பாதிப் பூவுக்கு இதழே இருக்காது. அதனால் துடைத்துக் காயவிட்டு, தட்டு அச்சை வைத்து, இரண்டு ஸ்பூன் மாவைப் போட்டு உள்ளங்கையால் ஒரே தடவை தேய்த்து, பக்கவாட்டில் இழுக்காமல் நேராகத் தூக்க வேண்டும்.

மாவை விரலால் நெருடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கொஞ்சம் நறநறவென்று இருந்தால் விரலிடுக்கிலும் அச்சிலும் சீராக இறங்கும். முகப்பவுடர் போல் வழவழவென்றிருப்பது மழைக்காலத்தில் கட்டி தட்டும். அப்படி ஆனால் வெயிலில் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளலாம்.

நாள் முழுதும் கலையாமல் இருக்க வேண்டுமென்றால் பொடியே வேண்டாம். ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்து, துணித்துண்டை அதில் நனைத்து மோதிரவிரல் வழியே இழுக்கும் மாக்கோலம் காய்ந்தபின் டைல்ஸிலும் ஒட்டி நிற்கும். எறும்பு வரும். அதற்கு உணவாகட்டும் என்றுதானே அரிசிமாவில் போட்டார்கள். ஆனால் எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கலர்ப்பொடியை டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் போடாதீர்கள். ஈரம் பட்டால் சாயம் அதில் இறங்கி மாதக்கணக்கில் நிற்கும். கோலத்தைக் கலைக்கும்போதும் முதலில் துடைப்பத்தால் பொடியைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் ஈரத்துணி.