பலகையில் இல்லாத ஷிப்ட் கணக்கு

கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் நாளுக்கு மூன்று ஷிப்ட். காலை 8 முதல் மாலை 4.30 வரை பகல். அதிலிருந்து இரவு 1 மணி வரை அரை நைட். 1 முதல் காலை 8 வரை முழு நைட். வாரத்துக்கு ஒருமுறை சுற்று மாறும். இதெல்லாம் அறிவிப்புப் பலகையிலேயே இருக்கும். வேலையை விட்டுப் போகும் சூப்பர்வைசர் அடுத்தவருக்கு எழுதி வைக்க வேண்டியது பலகையில் இல்லாததைத்தான்.

முதலில், ஆள் எப்போது குறையும் என்பது. முகூர்த்த நாளில் பகல் ஷிப்ட்தான் அடிபடும் என்று புதியவர் நினைப்பார். விடியற்காலை முகூர்த்தமென்றால் அதற்கு முந்தைய முழு நைட்டும் காலியாகும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து டிக்கெட் எடுத்துப் போவார்கள். ஒரே ஊர் ஆட்களை ஒரே ஷிப்டில் போட்டிருந்தால், ரயில் கிளம்பிய அன்று ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் ஒட்ட சைடர் இருக்க மாட்டார்.

அடுத்தது ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் பழக்கம். தலைவலி இங்கேதான். பகல் ஷிப்ட் முருகேசனுக்குப் புதன்கிழமை காலை வீட்டில் காதுகுத்து என்று வைத்துக்கொள்வோம். அரை நைட் செல்வத்திடம், "அண்ணே, நாளைக்கு மட்டும் என் ஷிப்ட பாத்துக்கங்க, உங்க அரை நைட்ட நான் பாத்துக்கறேன்" என்கிறார். ஆளுக்கு ஆள் சரி, கணக்கும் நேர். ஆனால் செல்வம் செவ்வாய் அரை நைட் முடித்து வெளியே வரும்போது புதன் அதிகாலை 1 மணி. காலை 8 மணிக்கு மறுபடி மெஷினில் நிற்க வேண்டும். முருகேசனுக்கும் வியாழன் காலை இதே கதி. இடையில் ஏழு மணி நேரம். வேன் பயணமும் குளியலும் போக, தூக்கம் நான்கைந்து மணிதான். காதுகுத்துக்குப் பதிலி ஆளைப் போடுவதே மேல். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வாரம் முழுக்க மாற்றிவிடலாம்.

வாய்ப்பேச்சில் நடக்கும் மாற்றம் பதிவேட்டில் ஏறாவிட்டால் இன்னொரு சிக்கல். விபத்து நடந்தால் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் அறிக்கையில் அன்றைய வேலை நேரத்தையும் எழுத வேண்டும். பதிவேடு ஒன்று சொல்ல, நடந்தது வேறாக இருந்தால் அலைவது அடிபட்டவர்தான்.

குறிப்பில் பலரும் விட்டுவிடுவது பாக்கிக் கணக்கு. யார் யாருக்கு ஷிப்ட் கடன் பட்டிருக்கிறார், எந்தத் தேதியில் திருப்பித் தருவதாகப் பேச்சு என்பது பழைய சூப்பர்வைசரின் மனதில் மட்டும் இருக்கும். அவர் போனதும் கடன் வாங்கியவர், "அப்படியெல்லாம் பேசவே இல்லையே" என்பார். ஆகவே தீராத மாற்றங்களைத் தேதியோடு எழுதி, இரு தரப்புக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். யார் சோம்பேறி, யார் குடிப்பவர் என்பதை அதில் எழுதாதீர்கள். அந்தத் தாள் எப்படியும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.