பழைய வேர்ட் கோப்பை மாற்றினால் பக்கம் ஏன் நகர்கிறது?

2003-க்கு முன் தட்டச்சு செய்த ஒரு .doc கோப்பை இன்றைய மைக்ரோசாஃப்ட் வேர்டில் திறந்தால், மேலே கோப்பின் பெயரையொட்டி Compatibility Mode என்ற சொற்கள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்பது இதன் பொருள் அல்ல. அந்தக் கோப்பு எந்தக் காலத்து வேர்டுக்காக எழுதப்பட்டதோ, அந்தக் காலத்து விதிகளின்படியே வரிகளையும் பக்கங்களையும் அடுக்குகிறேன் என்று வேர்ட் சொல்கிறது, அவ்வளவுதான்.

விதித்தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வேர்ட் 2003-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் 11, 2007-க்கு 12, 2010-க்கு 14, 2013-க்கு 15. (13 என்ற எண்ணை மைக்ரோசாஃப்ட் தாண்டிவிட்டது.) 2013-க்குப் பின் வந்த பதிப்புகளும் 15-லேயே நிற்கின்றன. .docx கோப்பாக இருந்தாலும் உள்ளே 12 என்றோ 14 என்றோ குறிக்கப்பட்டிருந்தால் அதே அறிவிப்பு வரும். பெயரின் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எண்ணைத் தெரிந்துகொள்ள Alt+F11, பிறகு Ctrl+G அழுத்தி, திறக்கும் பெட்டியில் இந்த வரியை எழுதி Enter தட்டினால் போதும்:

```
?ActiveDocument.CompatibilityMode
```

File, Info, Convert என்று போனால் கோப்பு 15-க்கு மாறுகிறது. பக்க அமைப்பு சற்று மாறலாம், பழைய பிரதியின் இடத்தில் புதியது வந்துவிடும் என்று வேர்டே எச்சரிக்கிறது. பலர் அதைப் படிக்காமல் OK கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தச் ‘சற்று’ எங்கே விழுகிறது? முதலில் அட்டவணையில். பழைய விதியில் அட்டவணைக்குள் இருக்கும் எழுத்துதான் பக்க ஓரத்தோடு நேராக நிற்கும். கோடு அதற்கு வெளியே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். புதிய விதியில் கோடு ஓரத்தோடு நேராகிறது, எழுத்து உள்ளே தள்ளிப்போகிறது. எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையே வேர்ட் வழக்கமாக விடும் இடைவெளி 0.19 செ.மீ. ஏ4 தாளில் இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 15.92 செ.மீ. மிஞ்சும். அதில் பழைய வேர்ட் போட்ட முழு அகல அட்டவணை 16.30 செ.மீ. இருக்கும், இருபக்கமும் 0.19 நீட்டம், பார்வைக்குச் சமம். மாற்றிய பின் அதே அகலத்தோடு இடக்கோடு ஓரத்துக்கு வந்துவிட்டால், நீட்டம் முழுவதும், அதாவது 0.38 செ.மீ., வலப்பக்கம் சேர்ந்துவிடும். அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களோடு பொருந்த வேண்டிய தாளில் இது பளிச்சென்று தெரியும். அட்டவணையின் Properties பகுதியில் Indent from left என்ற இடத்தில் -0.19 செ.மீ. கொடுத்தால் பழைய நிலை திரும்பும்.

இரண்டாவது மாற்றம் கண்ணில் படாமல் நடப்பதால் அதிகத் தொல்லை தருவது. இருபுறமும் சீராக்கிய பத்திகளில் பழைய விதி சொற்களின் இடைவெளியை அகட்டி மட்டுமே வரியை நிரப்பும். 15-ஆம் விதியோ, சிறிது நெருக்கினால் இன்னொரு சொல் இடம்பிடிக்கும் என்றால் நெருக்கவும் செய்யும். ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கியிருந்தால் அது மேலே ஏறி, வரி ஒன்று குறையும். நாற்பது பக்க விதிமுறைப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி குறைந்தால், அடுத்த பக்கத்தின் முதல் வரி அங்கே ஏறும். அப்படியே தொடர்ந்து, ‘பக்கம் 27 காண்க’ என்று கையால் அடித்த குறிப்பு 26-ஐக் காட்ட வேண்டிய நிலை வரலாம். தானியங்கிப் பொருளடக்கமும் தானாகத் திருந்தாது. Ctrl+A, F9 அழுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாற்றுவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்துவிட்டு, பழைய நிலையை பிடிஎஃப் ஆகவும் சேமித்து வைப்பதுதான். மாற்றிய பின் மொத்தப் பக்கங்களை எண்ணி, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் பிடிஎஃப்போடு ஒப்பிட்டால், எந்தப் பக்கத்தில் நகர்வு தொடங்கியது என்று தெரிந்துவிடும். அங்கே திருத்தினால் போதும். மீண்டும் .doc ஆகச் சேமித்தால் பழைய அமைப்பு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

தமிழ்க் கோப்புகளில் ஒரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை Convert செய்ததும் யூனிகோடாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முன்பு தெரிந்த அதே ஆங்கில எழுத்துக் குப்பைதான் பின்பும் தெரியும். அதற்குத் தனி மாற்றி வேண்டும்.

தொடர்ந்து திருத்த வேண்டிய கோப்பை மட்டும் மாற்றினால் போதும். அச்சேறி முடிந்து, இனி யாரும் தொடாத கோப்பின் தலையில் Compatibility Mode அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.