சரளமா, பிழையின்மையா? பேச்சுத் தேர்வில் எது எப்போது கைகொடுக்கும்

தில்லி மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ், மலையாளச் செவிலியர்களில் பலர் பிரிட்டனுக்குப் போக ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அந்த நாட்டின் செவிலியர் பதிவு அமைப்பு பேச்சுப் பகுதியில் 7 கேட்கிறது. 6.5 வாங்கி நின்றுவிடுபவர்களிடம் பொதுவாக இரண்டு அறிவுரைகள் வந்து சேர்கின்றன. ‘தப்பைப் பற்றிக் கவலைப்படாதே, நிறுத்தாமல் பேசு’ என்பது ஒன்று. ‘மெதுவாகப் பேசு, ஆனால் தப்பில்லாமல் பேசு’ என்பது இன்னொன்று. இரண்டுமே சிலருக்குச் சரி, சிலருக்குத் தவறு. யாருக்கு எது என்பது மதிப்பெண் போடப்படும் முறையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். தேர்வாளர் நான்கு தலைப்புகளில் தனித்தனியாக மதிப்பெண் போடுவார். சரளமும் கோர்வையும் ஒன்று, சொல்வளம் இரண்டு, இலக்கணத்தின் விரிவும் பிழையின்மையும் மூன்று, உச்சரிப்பு நான்கு. நான்குக்கும் சம எடை. அவற்றின் சராசரிதான் பேச்சு மதிப்பெண். ஆகவே விதிப்படி எந்த நிலையிலும் சரளத்துக்குத் தனிச் சலுகை இல்லை, இலக்கணத்துக்கும் இல்லை. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகவிடாமல் தடுப்பது எது என்பது நிலைக்கு நிலை மாறுகிறது.

இரண்டு செவிலியர்களைக் கற்பனை செய்துகொள்வோம். வேலையில் தனக்கு உதவிய ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லி இருவருக்கும் ஒரே அட்டை தரப்படுகிறது. யோசிக்க ஒரு நிமிடம், பேச ஒன்று முதல் இரண்டு நிமிடம்.

முதலாமவர் தடையில்லாமல் பேசுகிறார்: “மை சீனியர் இஸ் வொர்க்கிங் இன் திஸ் வார்ட் சின்ஸ் டென் இயர்ஸ். ஷி இஸ் நோயிங் எவ்ரிதிங். வென் ஐ ஜாயின்ட், ஷி டாட் மீ ஹவ் டு டாக் டு பேஷன்ட்ஸ். டெய்லி வீ டிஸ்கஸ் அபவுட் த கேசஸ்.”

அவர் சொன்னது எல்லாமே புரிகிறது. ஆனால் நான்கு வாக்கியங்களில் மூன்றாவது மட்டும்தான் பிழையில்லாதது. ‘ஹேஸ் பீன் வொர்க்கிங் ஃபார் டென் இயர்ஸ்’, ‘ஷி நோஸ்’, ‘டிஸ்கஸ் த கேசஸ்’ என்று வந்திருக்க வேண்டும். இவருக்குச் சரளம் 7, சொல்வளம் 6, இலக்கணம் 6, உச்சரிப்பு 7 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 26, சராசரி 6.5.

இரண்டாமவர் சொல்கிறார்: “மை சீனியர் ஹேஸ் வொர்க்ட்… நோ, ஹேஸ் பீன்… ஹேஸ் பீன் வொர்க்கிங்… இன் திஸ் வார்ட்… ஃபார் டென் இயர்ஸ்.” கடைசியில் வந்து நிற்கும் வாக்கியம் அப்பழுக்கில்லாதது. பேச்சு முழுக்க இப்படியே போனால் சரளம் 5, மற்ற மூன்றும் 7 என்று கிடைக்கலாம். இதுவும் 26, அதே 6.5.

இருவருக்கும் சான்றிதழில் ஒரே எண் வருகிறது. அதில் பேச்சுக்கு அந்த ஓர் எண் மட்டும்தான் இருக்கும், நான்கு தலைப்புகளின் மதிப்பெண்கள் இருக்காது. அதனால்தான் குழப்பம். ‘நிறுத்தாமல் பேசு’ என்ற அறிவுரையை முதலாமவர் பின்பற்றினால், ஏற்கெனவே 7 உள்ள இடத்திலேயே உழைத்துக்கொண்டிருப்பார். ‘தப்பில்லாமல் பேசு’ என்பதை இரண்டாமவர் பின்பற்றினால் இன்னும் அதிகமாகத் திருத்திக்கொள்வார், சரளம் மேலும் குறையும்.

இனி நிலைவாரியாகப் பார்ப்போம். 4, 5 பேண்ட் அளவில் சுவராக நிற்பது பெரும்பாலும் சரளம்தான். 4-இல் இருப்பவர் கவனிக்கத்தக்க இடைநிறுத்தங்கள் இல்லாமல் பதில் சொல்ல முடியாதவர் என்கிறது மதிப்பீட்டு விளக்கம். 5-இல் பேச்சு ஓடுகிறது, ஆனால் சொன்னதையே சொல்லியும் திருத்தியும் மெதுவாகப் பேசியும்தான் ஓடுகிறது. 6-க்கு வர, நீளமாகப் பேச முன்வர வேண்டும். கடினமான வாக்கிய அமைப்புகளில் அடிக்கடி தவறு வந்தாலும், புரிதலை அது அரிதாகவே கெடுக்கிறது என்றால் இலக்கணத்திலும் 6 கிடைக்கும். எனவே இந்தக் கட்டத்தில் வாயைத் திறந்து தொடர்ந்து பேசிப் பழகுவதே அதிகப் பலன் தரும்.

6-இலிருந்து 7-க்குப் போகும்போது அளவுகோலே மாறுகிறது. அதுவரை கேட்கப்பட்டது ‘தவறு புரிதலைக் கெடுத்ததா’ என்பது. 7-இல் கேட்கப்படுவது ‘பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றனவா’ என்பது. 8-க்கு, வாக்கியங்களில் பெரும்பான்மை பிழையற்றதாக இருக்க வேண்டும். யாருக்கும் எந்தக் குழப்பமும் தராத ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ இங்கேதான் விலை கேட்கிறது. தில்லியில் அலுவலகத்திலும் வார்டிலும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் நம் காதுக்கு அது தவறாகவே படுவதில்லை. 6.5-இல் சிக்கிய சரளமான பேச்சாளருக்குத் தடை பெரும்பாலும் இப்படிப் பழகிப்போன நாலைந்து பிழைகள்தான்.

8, 9-இல் சரளத்தையும் பிழையின்மையையும் பிரித்துப் பார்ப்பதே கடினம். அங்கே தேர்வாளர் கவனிப்பது தயக்கத்தின் காரணத்தை. என்ன சொல்வது என்று யோசித்து நிற்பது ஏற்றுக்கொள்ளத்தக்கது. எப்படிச் சொல்வது என்று சொல்லையோ வினைவடிவத்தையோ தேடி நிற்பதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஆகவே சரளம் என்பது வேகம் அல்ல. மனப்பாடம் செய்த பதிலை மடமடவென்று ஒப்பிப்பதும் சரளம் ஆகாது. அதன் தொனியே தனியாகத் தெரியும். மூன்றாம் பகுதியில் தேர்வாளர் கேள்வியை வேறு திசையில் திருப்பும்போது அது உடைந்தும் போகும்.

மற்ற மொழிகளின் தேர்விலும் இதே போக்குதான். தில்லி கஸ்தூர்பா காந்தி மார்க்கில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் பலர் எழுதும் ஜெர்மன் பி1 தேர்விலும், இலக்கணத் தவறு எத்தனை என்பதோடு அது கேட்பவருக்கு எவ்வளவு இடைஞ்சல் தருகிறது என்பதையும் வைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். 2001-இல் வெளியான ஐரோப்பிய மொழிநிலை வரையறைப்படி, ஏ2-இல் இருப்பவர் அடிப்படைத் தவறுகளைத் தொடர்ந்து செய்பவர்தான். பி2-இல் தவறு தவறான புரிதலை உண்டாக்கக் கூடாது. சி1-இல் தவறு அரிதாகவும் கண்டுபிடிக்கக் கடினமாகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் அந்த இரு செவிலியர்களில் யாரைப் போன்றவர் என்று தெரிந்துகொள்ள, ஓர் அட்டையை எடுத்து இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பேசியதை, திணறலும் திருத்தலும் உட்பட, அப்படியே எழுதுங்கள். முதலில், பிழையே இல்லாத வாக்கியங்களை எண்ணுங்கள். உங்கள் பிழைகள் உங்களுக்கே தெரியாமல் போகலாம் என்பதால் ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. பிறகு, எங்கெல்லாம் நின்றீர்கள் என்று குறியுங்கள். வாக்கியம் முடிந்த இடத்தில் நின்றால் பாதகமில்லை. எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப நின்றிருந்தால் சரளம்தான் குறை. நிறுத்தம் குறைவு, ஆனால் பாதிக்கு மேல் பிழையுள்ள வாக்கியங்கள் என்றால் இலக்கணம்தான் குறை.

பிழையைக் களைவது தேர்வுக்கு முந்தைய வாரங்களின் வேலை. ஒரு வாரத்துக்கு ஒரு பிழை என்று எடுத்து, சரியான வடிவம் யோசிக்காமல் வாயில் வரும்வரை பேசிப் பழக வேண்டும். தேர்வு அறைக்குள் போனபின், பொருளை மாற்றிவிடும் தவறை மட்டும் ஒருமுறை சட்டென்று திருத்திவிட்டு மேலே பேசுங்கள். அங்கே ஒவ்வொரு பிழையையும் துரத்தினால் இலக்கணத்தில் கிடைப்பது கொஞ்சம், சரளத்தில் இழப்பது அதைவிட அதிகம்.