பகுதியின் குறி தெரியாமல் பெருக்காதீர்கள்

(x+3)/(x−2) ≥ 2 என்ற அசமன்பாட்டைப் பார்த்ததும் இருபுறமும் x−2 ஆல் பெருக்கிவிடத்தான் கை போகும். x+3 ≥ 2x−4, ஆகவே x ≤ 7 என்று விடை வந்துவிடும். அதில் x = 0 என்று போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் −1.5. அது 2-ஐ விடச் சிறியது, விடை தவறு.

3 < 5 என்பதை −1 ஆல் பெருக்கினால் −3 > −5 ஆகிறது. குறை எண்ணால் பெருக்கும்போது அசமன்பாட்டின் குறி திரும்பியாக வேண்டும். x−2 மிகையா குறையா என்பது x-ஐப் பொறுத்தது. X தெரியாதபோது குறியைத் திருப்புவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? சமன்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பழகிய கைதான் இங்கே ஏமாறுகிறது.

பெருக்காமல் 2-ஐ இடப்பக்கம் கொண்டுவாருங்கள். சுருக்கினால் (7−x)/(x−2) ≥ 0 என்றாகும். இனி 2, 7 என்ற இரண்டு எண்களே எல்லைகள். x இரண்டுக்குக் கீழே இருந்தால் மேலே மிகை, கீழே குறை, பின்னம் குறை. இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவில் இரண்டுமே மிகை. ஏழைத் தாண்டினால் மேலே குறையாகிவிடும். x = 7 எனில் பின்னம் பூச்சியம், அதைச் சேர்க்கலாம்; x = 2 எனில் பகுதியே பூச்சியம், சேர்க்கவே கூடாது.

சரியான விடை 2 < x ≤ 7. பெருக்கித்தான் தீர வேண்டுமென்றால் (x−2)² ஆல் பெருக்குங்கள்; x = 2-ஐ விலக்கிவிட்டால் அது எப்போதும் மிகைதான்.