கதவைத் திறந்ததும் எரியும் விளக்கு

அறையில் டியூப்லைட் எரிந்தாலும் வார்ட்ரோபுக்குள் இருட்டுத்தான். விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நம் நிழல் நேராகத் துணிகள் மேல் விழுகிறது. கருநீலப் பேண்டையும் கறுப்புப் பேண்டையும் பிரித்தறிய ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இப்போது புதிதாக வார்ட்ரோப் செய்பவர்கள் பலரும், திறந்தால் எரிந்து மூடினால் அணையும் சென்சார் விளக்கு கேட்கிறார்கள். ஆனால் விளக்கைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, சென்சாரைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது சென்சாரைத்தான்.

யு.எஸ்.பி.யில் சார்ஜ் செய்து காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறு விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது நடமாட்டத்தை உணரும் சென்சார். நம் உடம்பின் சூடு நகர்வதைத்தான் அது கவனிக்கிறது. அடுக்கிய புடவைகளுக்கு முன் அசையாமல் நின்று யோசித்தால், சிறிது நேரத்தில் அணைந்துவிடும். கோடையில் அறையின் சூடு உடம்பின் சூட்டை நெருங்கும்போது அதன் கூர்மையும் குறையும். வயரிங்கைத் தொட முடியாத வாடகை வீட்டுக்கு இது போதும். சொந்தமாகச் செய்யும் வார்ட்ரோபுக்குக் கதவையே உணரும் சென்சார்தான் சரி.

கதவு சென்சாரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளிப்படும். மூடிய கதவில் பட்டு அது திரும்பி வந்தால் விளக்கு அணைந்திருக்கும். திரும்பி வராவிட்டால் எரியும். சிக்கல் வருவதும் இங்கேதான். கதவின் உட்புறம் மங்கலான கறுப்பு மைக்காவாக இருந்தால் அது கதிரை உறிஞ்சிவிடும். கண்ணாடிக் கதவென்றால் கதிர் ஊடுருவிப் போய்விடும். சென்சாரைப் பொறுத்தவரை கதவு திறந்தே இருக்கிறது. மூடிய கதவுக்குள் விளக்கு பகலும் இரவும் எரியும். சென்சாருக்கு எதிரே கதவில் ஒரு சிறிய வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், சட்டத்தில் ஒரு பாகமும் கதவில் ஒரு பாகமுமாகப் பொருத்தும் காந்த சென்சாருக்கு மாறிவிடலாம்.

ஏழு அடி உயரம், நான்கு அடி அகலம், இரண்டு கதவு உள்ள ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம். விளக்கை உச்சிப் பலகையின் நடுவில் வைத்தால் முதல் தட்டுக்குக் கீழே வெளிச்சம் இறங்காது. இரு பக்கப் பலகைகளிலும், கதவுக்குச் சற்றே உள்ளே, மேலிருந்து கீழாக அலுமினியச் சேனலில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் வைக்க வேண்டும். முகம் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் போகும், கண்ணும் கூசாது. சேனல் இல்லாமல் பிளைவுட்டில் நேரடியாக ஒட்டிய ஸ்ட்ரிப் சூட்டில் பசை விட்டுத் தொங்கும். நிறம் 4000 கெல்வின் என்று கேளுங்கள். மஞ்சள் ஒளியில் கருநீலம் கறுப்பாகவே தெரியும்.

பக்கத்துக்கு 2 மீட்டர் வீதம் மொத்தம் 4 மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் என்றால் ஏறக்குறைய 19 வாட். 12 வோல்ட்டில் இது 1.6 ஆம்பியர். 2 ஆம்பியர் அடாப்டர் போதும். 3 ஆம்பியர் என்றால் சூடாகாமல் நாள்பட உழைக்கும். சென்சார் அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில், 12 வோல்ட் பக்கத்தில் வரும். அதுவும் இந்த ஆம்பியரைத் தாங்கக்கூடியதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். இரண்டு கதவுக்கும் இரண்டு கண் உள்ள சென்சார் கிடைக்கிறது. எந்தக் கதவைத் திறந்தாலும் எரியும். அடாப்டரைத் துணிகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கக் கூடாது. காற்றுப் படும்படி வார்ட்ரோபின் மேலே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அதற்கான பிளக் பாயின்ட்டைச் சுவிட்சோடு எலெக்ட்ரீஷியன்தான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். மூடிய பின் படம் இருண்டால் சரி. இருளாவிட்டால் சென்சாரின் இடத்தையோ கோணத்தையோ மாற்ற வேண்டும். விளக்கே எரியாவிட்டால் ஸ்ட்ரிப்பின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் கார்பென்டர் பின்பலகையை அடிப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். சேனலுக்கான காடியும் வயர் போகும் துளையும் அப்போது போட்டால் சிறிது நேர வேலை. மைக்கா ஒட்டி முடித்தபின் கேட்டால், வயர் வெளியே தெரியத்தான் ஓடும்.