ஏழு சென்டிமீட்டர் என்று மட்டும் எழுதினால் போதுமா?

மதியம் இரண்டு மணி, டியூட்டி மாறும் நேரம். "ஏழு சென்டிமீட்டர் சிஸ்டர், நல்லா போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு ஒருவர் கிளம்புகிறார். கேஸ் ஷீட்டிலும் '7 செ.மீ.' என்றுதான் இருக்கிறது. அடுத்து வருபவருக்கு இதை வைத்து என்ன தெரியும்? தலை இறங்கியிருக்கிறதா, பனிக்குடம் உடைந்ததா, எப்போது உடைந்தது, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள மறுபடியும் உள்பரிசோதனை செய்தாக வேண்டும். வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அது வேதனை. கிருமித் தொற்றுக்கும் கூடுதல் வழி. பிரசவ வலி சீராகப் போகும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கையுறை போடும் முன்

முதல் கேள்வி, ரத்தப்போக்கு இருக்கிறதா என்பது. இருந்தால், நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டு இல்லை என்பது ஸ்கேனில் உறுதியாகும்வரை விரலை உள்ளே விடக் கூடாது. வலியே தொடங்காமல் நீர் மட்டும் போயிருந்தாலும் விரல் பரிசோதனையைத் தவிர்ப்பதே நல்லது.

மற்றவர்களிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, சிறுநீர் கழிக்கச் சொல்லி, திரையை இழுத்துவிட வேண்டும். பிறகு வயிற்றைத் தொட்டு, தலையில் ஐந்தில் எத்தனை பங்கு இடுப்பெலும்புக்கு மேலே தட்டுப்படுகிறது என்று குறிக்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குழந்தையின் இதயத் துடிப்பையும் கேட்டுவிட்டு, ஒரு வலி அடங்கியதும் பரிசோதனையைத் தொடங்கலாம்.

விரல் சொல்வது

கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரு விரல்களை விரித்துப் பார்த்து சென்டிமீட்டரில் சொல்கிறோம். சுற்றிலும் விளிம்பே தட்டுப்படாவிட்டால் 10, முழு விரிவு. ஒரு பக்கம் மெல்லிய விளிம்பு மிச்சமிருந்தாலும் அது முழு விரிவு அல்ல.

மெலிவு வேறு. குழல் போல நீண்டிருந்த கருப்பை வாய் குறுகிக் குறுகிக் காகிதம் போல ஆவதுதான் மெலிவு. பாதி குறுகினால் 50 சதவீதம். முதல் பிரசவத்தில் பெரும்பாலும் மெலிவு முந்தும், விரிவு பின்தொடரும்.

ஸ்டேஷன் என்பது தலை இறங்கிய அளவு. இடுப்பின் உட்புறம் இரு பக்கமும் சிறு மேடாகத் தட்டுப்படும் இஸ்கியல் முட்கள்தான் பூஜ்ஜியக் கோடு. தலையின் எலும்பு அதற்கு இரண்டு செ.மீ. மேலே நின்றால் −2, கீழே இறங்கினால் கூட்டல் குறி.

பனிக்குடம் உடையவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். உடைந்திருந்தால் நேரமும் நீரின் நிறமும் வேண்டும். தெளிவா, பச்சையா, ரத்தம் கலந்ததா? உடைந்தவுடன் இதயத் துடிப்பைக் கேட்டே ஆக வேண்டும். கொடி நழுவியிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ஏமாற்றும் பூஜ்ஜியம்

முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு 5 செ.மீ., மெலிவு 80 சதவீதம், ஸ்டேஷன் −2, பனிக்குடம் உடையவில்லை, வயிற்றில் தலை 4/5. மதியம் 2 மணிக்கு 7 செ.மீ., விரலுக்குத் தலை பூஜ்ஜியத்தில் இருப்பதுபோல் படுகிறது. முன்னேற்றம் என்று நிம்மதி வரும்.

ஆனால் வயிற்றில் கை வைத்தால் தலை இன்னும் 4/5! உண்மையிலேயே பூஜ்ஜியத்துக்கு இறங்கிய தலை மேலே அவ்வளவு தட்டுப்படாது. விரலில் பட்டது எலும்பு அல்ல, தலைத்தோலின் வீக்கம், அதாவது கேபுட். மண்டையோட்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அழுத்தினால் விலகுகின்றன. அது மோல்டிங் ++. எலும்பு இன்னும் −2-லேயே நிற்கிறது. வாய் திறக்கிறது, தலை இறங்கவில்லை. இடுப்புக்கும் தலைக்கும் பொருந்தவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டிய இடம் இது. மூன்று மணி நேரமாக 7 செ.மீ.யிலேயே நின்றால் எச்சரிக்கை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அதுவரை காத்திருக்காமல் இப்போதே டாக்டரை அழைக்க வேண்டும். சிசேரியன் வசதி இல்லாத இடமென்றால் வண்டிக்கும் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பு இப்படி இருக்கலாம்:

"மதியம் 2.00. சம்மதம் பெறப்பட்டது. வயிற்றில் தலை 4/5. விரிவு 7 செ.மீ., மெலிவு 100 சதவீதம். ஸ்டேஷன் எலும்பளவில் −2, கேபுட் ++, மோல்டிங் ++. பனிக்குடம் 12.30-க்குத் தானே உடைந்தது, நீர் தெளிவு. கொடி தட்டுப்படவில்லை. இதயத் துடிப்பு பரிசோதனைக்கு முன் 140, பின் 136. தலை இறங்கவில்லை, 2.05-க்கு டாக்டரிடம் சொல்லப்பட்டது." கீழே பெயர், கையொப்பம்.

இதில் '0' என்று மட்டும் எழுதியிருந்தால் மாலைவரை யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

கையுறையைக் கழற்றிக் கை கழுவியதும் எழுதிவிடுங்கள். முந்தையவர் எழுதிய எண்ணைப் பார்த்து உங்கள் எண்ணைத் திருத்தாதீர்கள். காலையில் 6 என்று இருந்து உங்கள் விரலுக்கு 5 என்று பட்டால், 5 என்றே எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள்.